யாருடைய வாக்கியம்?

மாணவர் ஒருவரின் கட்டுரை ஏனைய மாணவர் எல்லோருடைய கட்டுரைகளையும் போலவே இருக்கின்றது என ஆசிரியர் ஒருவர் கூறுவாராயின், அவர் அங்கே காணும் குற்றம் யாது? களவு என்று அதனைச் சொல்ல முடியாது. எவருடைய நூலிலிருந்தும் எதுவும் எடுக்கப்படவில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது. எழுதப்பட்ட ஒவ்வொரு வாக்கியமும் உண்மையானதே. இலக்கண வழுவும் இல்லை. வழுவில்லாத, பொய்யில்லாத, களவில்லாத ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் முகஞ் சுளிப்பாராயின், அது அவருடைய சுவையைப் பொறுத்த விடயமா, அன்றி எழுதியவரின் நேர்மையைப் பொறுத்த விடயமா?

இவ்வினாவை நான் மெய்யியல் நூல்களிலிருந்து பெறவில்லை. ஒரு பிற்பகல் வேளையில், எமது துணை விரிவுரையாளரின் அறையில், மேசையொன்றின்மீது பரப்பப்பட்ட ஆறு தாள்களிலிருந்து பெற்றேன். அன்று நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

புவியியற் பாடத்தில் எங்கள் குழுவினர் அறுவருக்கும் ஒரே தலைப்பில் ஒப்படை தரப்பட்டிருந்தது: யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீரும் கமச்செய்கையும். வரைவுகளை முதல் வாரமே கொடுத்துவிட்டோம். அவற்றைப் பற்றிக் கலந்துரையாடுவதற்காக அன்று கூடியிருந்தோம். விரிவுரையாளர் அறுவருடைய முதற் பக்கங்களையும் பெயர் தெரியாவண்ணம் மேல்விளிம்பை மடித்து, மேசையில் வரிசையாக வைத்தார். பின்னர் எங்கள் தோழி ஒருத்தியைப் பார்த்து, "இதிலே உம்முடையது எது? எடுத்துத் தாரும்" என்றார்.

அத்தோழியைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பிலே கேள்வி கேட்கப்பட்டால் விடை தெரிந்திருந்தும் சொல்லாதவள். சொல்ல நேர்ந்தால் வாக்கியத்தின் பாதியிலே குரல் இறங்கிவிடும். வலிகாமத்துக் கமக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவள். நல்ல புள்ளி பெற்றே பல்கலைக்கழகம் புகுந்தாள். ஆயினும் அப்புள்ளிகள் தவறுதலாகத் தனக்கு வந்துவிட்டன என்றும், என்றோ ஒருநாள் எவரோ வந்து அவற்றைத் திருப்பிக் கேட்பார்கள் என்றும் எண்ணுபவள் போல நடந்துகொள்வாள். எல்லாத் தாள்களும் கணினியில் ஒரே எழுத்துருவில் அச்சிடப்பட்டிருந்தன. கையெழுத்தைக் கொண்டு இனங்காணும் வழி இல்லை. அவள் ஆறு தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். அவளுடைய கை நடுங்குவதை நாங்கள் எல்லோரும் கண்டோம். கடைசியில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அது என்னுடைய தாள்.

விரிவுரையாளர் மடிப்பை விரித்துப் பெயரைக் காட்டினார். எவரும் சிரிக்கவில்லை. "உம்முடைய வரைவிலே பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருடையதும் போல இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். தோழியின் கண்கள் கலங்கின. அவள் அழுதுவிடுவாளோ என்பதை விட, அடுத்து என்னை அழைத்துவிடுவாரோ என்பதே அந்தக் கணத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவைக்கின்றேன்.

அந்த ஆறு தாள்களிலும் என்னதான் இருந்தது? ஐந்து தாள்கள் வான்சிறப்பு அதிகாரத்துக் குறளொன்றுடன் தொடங்கின. ஆறாவது, ஆதிகாலந்தொட்டே நாகரிகங்கள் நதிக்கரைகளில் தோன்றின என்று தொடங்கியது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டைப் பற்றிய கட்டுரை அது என்பதை அதனை எழுதியவர் கவனிக்கவில்லை. பின்னர் எல்லாவற்றிலும் நீர் உயிர்களின் ஆதாரம் என்பது கூறப்பட்டது. நவீன உலகின் சவால்கள் நினைவூட்டப்பட்டன. நீர்வளத்தைப் பேணுதல் எம் அனைவரதும் கடமை என்பதும் முதற் பக்கத்திலேயே வந்துவிட்டது. இவற்றுள் எதனையும் மறுக்க முடியாது. மறுக்க முடியாதபடி எழுதுவதே நாங்கள் கற்றுக்கொண்ட கலை. உயர்தர வகுப்பிலே தனியார் கல்வி நிலையங்களின் குறிப்புகளை மனனஞ் செய்த காலத்தில், முன்னுரை எவ்வாறிருக்க வேண்டும் என்பதை யாரோ எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதனைப் பிழையின்றி ஒப்புவித்தவர்களே பல்கலைக்கழகத்திற்கு வந்துசேர்ந்தோம். ஆதலால் எங்கள் தாள்கள் ஒன்றுபோல இருந்ததில் வியப்பில்லை. ஒன்றுபோல எழுதத் தெரிந்தமைக்காகவே நாங்கள் தெரிவுசெய்யப்பட்டிருந்தோம். இந்த நியாயத்தைத் தோழியின் சார்பிலும் என் சார்பிலும் முன்வைக்க எனக்கு உரிமை உண்டு.

விரிவுரையாளர் அன்று செய்த காரியங்களுள் என் மதிப்பில் உயர்ந்தது தாள்களைப் பரப்பியது அன்று. நடுங்கும் பிள்ளை ஒருத்தியை ஐவர் முன்னிலையில் அவ்வாறு சோதித்தது முறையா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுத் தோழியிடம் கேட்ட அடுத்த கேள்வியே முக்கியமானது. "உம்முடைய வீட்டுக் கிணறு எத்தனை பாகம்?"

தோழி உடனே விடை சொன்னாள். "நாலு பாகம், மிஸ்." குரல் இறங்கவில்லை.

"யார் தோண்டினது?"

"அம்மப்பாவின் தகப்பனார். கல் உடைச்சுத் தோண்டினது."

"அப்போது எப்படி இறைச்சவை?"

அதன்பின் அவள் கால்மணி நேரம் பேசினாள். ஆடுகால் நட்டுத் துலாப் போட்டிருந்ததையும், அம்மப்பா இளைஞனாக இருந்தபோது துலாவின்மீது முன்னும் பின்னுமாக நடந்து மிதித்ததையும், கீழே நின்று பட்டை பிடித்தவர் நீரை வாய்க்காலில் ஊற்றியதையும் சொன்னாள். 1960களில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வீட்டுக்கு வந்தது. 1990இல் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது அம்மப்பா பழைய துலாவை மீண்டும் போட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயதை அணுகிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் அவள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை. ஆயினும் அம்மப்பா அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. துலா மிதிக்கிறவனுக்குக் கால் உளையும்போது கிணறும் ஆறும்; மிஷினுக்குக் கால் இல்லை.

"இதை ஏன் நீர் எழுதவில்லை?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

தோழி சொன்ன விடையை நான் மறக்கமாட்டேன். "இதுக்கு உசாத்துணை இல்லையே, மிஸ்."

நகைப்புக்கிடமான விடையாக இது தோன்றலாம். நகைக்கத் தக்கதன்று. தனக்குத் தெரிந்த ஒன்று அறிவாகக் கணிக்கப்படமாட்டாது என்றும், அச்சில் வந்ததே அறிவு என்றும் அவள் நம்பியிருந்தாள். அந்நம்பிக்கையை அவளே உருவாக்கிக்கொள்ளவில்லை. நீர் உயிர்களின் ஆதாரம் என்ற வாக்கியத்துக்கும் அவளிடம் உசாத்துணை இருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதற்கு உசாத்துணை கேட்க எவருக்கும் தோன்றாது. எல்லோருடைய வாக்கியத்துக்கும் எவரும் சாட்சி கேட்பதில்லை. ஒருவருடைய வாக்கியத்துக்கே சாட்சி கேட்கப்படும். அச்சமுடைய ஒருவர் எந்த வாக்கியத்தின் பின்னே ஒதுங்குவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்தபின் நான் என் வரைவை எடுத்து ஒரு சிறு சோதனை செய்தேன். முதற் பக்கத்தில் நீர் என்று வந்த இடங்களிலெல்லாம் கல்வி என்ற சொல்லை இட்டு வாசித்தேன். ஏறத்தாழ எல்லா வாக்கியங்களும் நின்றன. கல்வி சமுதாயத்தின் ஆதாரமாகியது. கல்விவளத்தைப் பேணுதல் எம் அனைவரதும் கடமையாகியது. குறளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கும் வேறு அதிகாரம் உண்டு. அதன்பின் தோழி சொன்ன வசனத்தில் அதே மாற்றத்தைச் செய்து பார்த்தேன். கல்விக்குக் கால் உளையவில்லை. அவ்வசனம் கிணற்றையும் துலாவையும் விட்டு நகர மறுத்தது. ஒரு வாக்கியம் தன் பொருளோடு பிணைந்திருக்கின்றதா என்பதை அறிய இதனைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் எமது மரபிலிருந்தே ஓர் ஆட்சேபம் எழலாம். பிறர் சொன்னதையே சொல்லுதல் தமிழில் என்று தொடங்கிக் குற்றமாயிற்று? வழிநூல், சார்புநூல் என வகுத்து, முன்னோர் நூலைத் தழுவிச் செல்வதற்கு நன்னூலார் இடமளித்திருக்கிறார். முன்னோரின் கருத்தை மட்டுமன்றி அவர் சொல்லையே எடுத்தாளுவதையும் அவர் ஏற்கிறார். சங்கச் செய்யுளை நோக்கினால் இது இன்னுந் தெளிவாகும். குறிஞ்சி பாடிய புலவர் அனைவரும் ஒரே மலையையும் ஒரே கூதிரையும் யாமத்தையும் பாடினர். தலைவியும் தோழியும் ஒருவரே போலப் பேசினர். நிலம், பொழுது, கருப்பொருள் யாவும் பொதுச் சொத்து. அப்புலவர்களின் தாள்களைப் பெயரை மடித்து மேசையில் வைத்திருந்தால் அவர்களும் எங்களைப் போலவே திகைத்திருக்கமாட்டார்களா?

திகைத்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதற்குச் சான்று அப்புலவர்களின் பெயர்களிலேயே உண்டு. குறுந்தொகையில் சிலருடைய இயற்பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய தொடரொன்றே அவர்களுக்குப் பெயராயிற்று. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார் என்போர் அத்தகையோர். அணிலாடு முன்றிலாரின் பாட்டிலே காதலன் பிரிந்த தலைவியின் தனிமை என்பது பொதுப் பொருள். எத்தனையோ புலவர் பாடியது. மக்கள் விட்டுச் சென்ற ஊரில், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதை ஒருவர் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வையே அவரைப் பொதுவிலிருந்து பிரித்தது. ஆகவே எமது விரிவுரையாளர் குறைகண்டது பொதுமையை அன்று. தலைப்பு பொதுவாக இருக்கலாம், முறை பொதுவாக இருக்கலாம், கலைச்சொற்கள் பொதுவாகவே இருந்தாக வேண்டும். அப்பொதுமைக்குள் எழுதியவர் நின்று பார்த்த இடமொன்று இருக்கின்றதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஆறு தாள்களிலும் முற்றமும் இல்லை, அணிலும் இல்லை.

தோழியின் கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவை ஏற்பட்டிராது. இரண்டாம் வரைவோடு அவள் பத்து நாளில் வந்தாள். விரிவுரையாளர் சொன்னதை அவள் விளங்கிக்கொண்ட விதத்தை அவ்வரைவு காட்டியது. ஒவ்வொரு பந்தியிலும் நான், என் வீடு, என் அம்மப்பா என்ற சொற்கள் நிறைந்திருந்தன. அம்மப்பாவின் வியர்வைத் துளிகள் முத்துகளாக உதிர்ந்தன. வற்றிய கிணறு கண்ணீர் வடித்தது. நாலு பாகக் கிணறு என்ற செய்தி மட்டும் எங்கோ காணாமற் போயிருந்தது. விரிவுரையாளர் அதனை வாசித்துவிட்டு, இம்முறை மெதுவாக, "இதுவும் எல்லோருடையதும் போலத்தான் இருக்கிறது. முந்தியது பரீட்சைத் தாளைப் போல இருந்தது, இது நினைவு மலரைப் போல இருக்கிறது" என்றார்.

இது கடுஞ்சொல்லே எனினும் உண்மை. தன் குரலில் எழுது என்று ஒருவருக்குச் சொல்லும்போது, அவர் தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்று விளங்கிக்கொள்வது இயல்பு. ஆயின் உணர்ச்சிக்கும் ஆயத்தமான வாக்கியங்கள் உண்டு. அவை பரீட்சை வாக்கியங்களைக் காட்டிலும் பழையவை. முத்தாக உதிரும் வியர்வை எந்த அம்மப்பாவின் நெற்றியிலும் உதிரும். தன்மை ஒருமையில் எழுதியமையால் மட்டும் ஒரு வாக்கியம் எழுதியவருக்கு உரியதாகிவிடாது. துலாவைப் பற்றி அவள் அன்று பேசிய கால்மணி நேரத்தில் நான் என்ற சொல்லை எத்தனை முறை சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருமுறையேனும் சொன்னதாக நினைவில்லை.

"அம்மப்பாவின் வசனத்தை நீர் நம்புகிறீரா?" என்று விரிவுரையாளர் கேட்டார். நம்புவதாகத் தோழி சொன்னாள். "அப்படியென்றால் அளந்து பாரும்."

குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. அங்கே சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் மழைநீர் தேங்குகின்றது. அதற்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையே ஆதாரம். இந்த நன்னீர், கடலிலிருந்து நிலத்தடியே ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. நன்னீர் பாரங்குறைந்தது; அதனால் மேலே நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கோட்பாட்டளவிலான கணிப்பு. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் அதன் பன்மடங்கு உயரும். அம்மப்பாவின் வசனத்தை இக்கணிப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது வெறும் பழங்கதை அன்று என்பது எங்களுக்கு விளங்கிற்று.

விடுமுறையில் தோழி ஊருக்குச் சென்றாள். ஆவணி மாதம், மழை இல்லாத காலம். ஏழு நாட்கள் தொடர்ந்து, காலையில் இறைக்கத் தொடங்குமுன் ஒருமுறையும், மூன்று மணி நேரம் இறைத்து முடிந்தபின் ஒருமுறையும், மறுநாள் காலையிலும் கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்தாள். திணைக்களத்திலிருந்து பெற்றுச் சென்ற மானியால் நீரின் மின்கடத்துதிறனையும் அளந்தாள்; உப்புக் கூடக் கூட அதன் அளவும் கூடும். கயிறு ஈரமாகும் இடத்தைத் தம்பி பார்த்துச் சொல்ல, அவள் ஒரு கொப்பியில் எழுதினாளாம்.

அளந்ததில் அம்மப்பா பிழைத்துவிட்டார். முதல் நாள் நிலமட்டத்திலிருந்து 15 அடி ஆழத்தில் நின்ற நீர், இறைத்து முடிய 17½ அடிக்கு இறங்கியது. ஆனால் மறுநாள் காலையில் ஏறத்தாழ 15 அடியிலேயே நின்றது. இயந்திரம் இறைத்தபோதிலும் கிணறு ஆறத்தான் செய்தது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக நீர் விரைந்து வந்து சேர்ந்துவிடுகின்றது. தோழி எனக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னபோது அவளுடைய குரலிலே பழைய நடுக்கம் மீண்டிருந்தது. தன் கட்டுரையில் இருந்த ஒரேயொரு சொந்த வாக்கியமும் பிழையென்றால், எல்லோருடைய வாக்கியத்துக்கும் திரும்பிவிடுவதே பாதுகாப்பு என்று அவள் எண்ணினாள். நானும் அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் அவள் மானியின் அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறாள். இறைக்கத் தொடங்கும்போது 1400 அளவில் இருந்த மின்கடத்துதிறன், இறைத்து முடியும்போது 1900ஐத் தொட்டது. மறுநாள் காலையில் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஏழாம் நாட் காலையில் 1600க்குச் சற்று மேல் நின்றது. நீர்மட்டம் மட்டும் அதே 15 அடி. கிணறு நிரம்பியது உண்மை. ஆனால் இறைத்த நீர் வேறு, வந்து சேர்ந்த நீர் வேறு. ஆவணியில் தேநீர் சுவைப்பதில்லை என்று அவளுடைய அம்மம்மா ஆண்டுதோறும் சொல்வதை வீட்டில் எவரும் பொருட்படுத்தியதில்லை. கயிறு உயரத்தையே சொல்லும், உப்பைச் சொல்லாது. கால் உளைவதால் கிணறு ஆறும் என்று அம்மப்பா சொன்னதில், ஆறுவது எது என்பதே பிழையாக இருந்தது. ஆற வேண்டியிருந்தது நீரின் மட்டம் அன்று, அதன் தன்மை.

இந்த இடத்திலேதான் நான் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒரு விடை எனக்குத் தென்பட்டது. விஞ்ஞானக் கூற்று ஒன்று பொய்ப்பிக்கப்படத்தக்கதாய் இருக்க வேண்டும் என்று கார்ல் பொப்பர் 1934இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர் பேசியது கோட்பாடுகளைப் பற்றி. நான் அதனை ஒரு மாணவியின் வாக்கியத்துக்குக் கொண்டுவருவது அத்துமீறலாகவும் இருக்கலாம். ஆயினும் நடந்ததைப் பாருங்கள். நீர் உயிர்களின் ஆதாரம் என்ற வாக்கியத்தை ஏழு நாளல்ல, எழுபது நாள் கிணற்றடியில் நின்றாலும் பிழையென்று காட்ட முடியாது. அதனால் அதனைத் திருத்தவும் முடியாது. அதிலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போகவும் முடியாது. அம்மப்பாவின் வசனமோ பிழைக்கக்கூடியது. பிழைத்தது. பிழைத்தமையால் தோழி மானியைப் பார்த்தாள். எல்லோரையும் போல எழுதும்போது நாம் கைவிடுவது அழகையன்று. பிழைவிடும் வாய்ப்பையே கைவிடுகிறோம். அதனோடு சேர்த்து, இதனைச் சொன்னவர் நான் என்று எழுந்து நிற்கும் பொறுப்பையும் கைவிடுகிறோம். அவ்வாறாயின் இக்குறைபாடு நேர்மையைச் சார்ந்ததே என்பது என் துணிபு. ஆனால் அது அச்சத்தால் நேர்ந்த நேர்மைக்குறைவு. அச்சத்தை ஊட்டியவர்களையும் கணக்கில் எடுக்காமல் மாணவியை மட்டும் குற்றவாளியாக்குவதற்கு நான் உடன்படேன். பிழையான ஒரு சொந்த வாக்கியத்துக்குப் பூச்சியமும், சரியான ஒரு பொது வாக்கியத்துக்குப் பத்தில் ஏழும் இடப்படும் நாட்டில், பொது வாக்கியத்தை எழுதுபவர் கணக்குத் தெரிந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

விரிவுரையாளரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய கண்டனம் எனக்கு மிகவும் தனித்துவமானதாகத் தோன்றியிருந்தது. அடுத்த வாரம் என் வரைவு திரும்பி வந்தபோது அதன் அடியில் சிவப்பு மையில், எல்லோருடையதும் போல இருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தது. ஏனைய நால்வரின் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கிலும் அதே வசனம். என் சோதனையை அவ்வசனத்தின்மீதே செய்து பார்க்கலாம்: எந்தத் தலைப்பில் எவர் எழுதிய கட்டுரையின் அடியிலும் அதனை எழுதிவிட முடியும். இதனை நான் துணிந்து அவரிடமே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நேரம் இல்லாதபோது அப்படித்தான் எழுதுகிறோம்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு என் தாளை வாங்கிப் பார்த்து, "உங்கள் ஊரிலே கிணறு இருக்கிறதா, குழாய் நீரா?" என்று கேட்டார். தோழியை மாற்றியது அந்தத் தீர்ப்பு அன்று, நாலு பாகக் கேள்விதான் என்பதை அப்போது உறுதிப்படுத்திக்கொண்டேன். நாங்கள் குழாய் நீர் குடிப்பவர்கள். என் கட்டுரை அந்தக் குழாயிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நான் குறளிலிருந்து தொடங்கிய வரைவையே சிறிது திருத்திக் கொடுத்தேன். அதற்கு உரிய புள்ளியும் கிடைத்தது.

தோழியின் மூன்றாம் வரைவு, கிணற்றின் ஆழத்தோடும் இருப்பிடத்தோடும் தொடங்கியது. நான் என்ற சொல் அளவீட்டு முறையை விளக்கும் பந்தியில் மட்டும் வந்தது. ஒரு கிணற்றின் ஏழு நாள் அளவுகளைக் கொண்டு குடாநாடு முழுவதற்கும் முடிவு கூற முடியாது என்று அவளே எழுதியிருந்தாள். பக்கத்து வளவுகளில் அந்நாட்களில் எவ்வளவு இறைக்கப்பட்டது என்பதைத் தான் பதியத் தவறியதையும் எழுதியிருந்தாள். விரிவுரையாளர் ஓரத்தில் பல இடங்களில் கேள்விக்குறி இட்டிருந்தார். முதல் வரைவில் ஒரு கேள்விக்குறியேனும் இருக்கவில்லை. தோழி அக்கேள்விக்குறிகளை எண்ணி, பதினொன்று என்று எனக்குச் சொன்னாள். அதனைக் குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

அம்மப்பாவின் வசனம் மேற்கோளாக இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அது பிழை என்று காட்டுவதற்காகவும், எந்தவகையில் அது சரியான திசையை நோக்கியது என்று காட்டுவதற்காகவும் அவள் அதனைப் பயன்படுத்தியிருந்தாள். சொந்த வாக்கியம் என்று நான் இதுவரை பேசிவந்தது உண்மையில் அவளுடையதும் அன்று, ஒரு கிழவருடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வு ஒழுக்க நெறிக்கு அமையத் தகவல் தந்தவரின் பெயர் மறைக்கப்பட்டு, தகவலாளி 1, ஆண், வயது 82 என்று அடிக்குறிப்பு இடப்பட்டது.

அடுத்த விடுமுறையில் அவள் அக்கட்டுரையை அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். தாம் சொன்னது பிழைத்ததைக் கேட்டு அவர் வருந்தவில்லையாம். உப்பு ஏறும் விடயம் தமக்கு முன்பே தெரியும் என்று சொன்னாராம். அடிக்குறிப்பை வாசித்தபோதுதான் முகம் மாறியது. "நான் சொன்னதெண்டு தெரிஞ்சும் ஏன் என்ரை பேரைப் போடயில்லை?" என்று கேட்டிருக்கிறார். பெயரை மறைப்பது தகவல் தருபவரின் பாதுகாப்புக்காக என்று தோழி விளக்கினாள். தமக்கு யாரால் என்ன ஆபத்து என்று அவர் கேட்டார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் என்னைக் கேட்டாள். நான் விரிவுரையாளரைக் கேட்கச் சொன்னேன். அவள் இன்னும் கேட்கவில்லை.